ஹங் கர்டில் புரதமும் கலோரியும்: துணி வழியே எது போகிறது, எது தங்குகிறது

"கோத்தகிரியில இருக்கோம். ஆவின் நீலப் பாக்கெட் ஒரு லிட்டர் வாங்கி உறை ஊத்தி, அந்தத் தயிரை மல் துணியில ராத்திரி முழுக்கக் கட்டித் தொங்கவிடுறேன். காலைல 400 கிராம் போலக் கெட்டியா கிடைக்குது. கலோரி ஆப்ல பார்த்தா 100 கிராமுக்கு 59 கலோரி, 10 கிராம் புரோட்டீன்னு காட்டுது. சாதா தயிருக்கும் 60 கலோரிதான் போடுது, புரோட்டீன் மட்டும் 3 கிராம். கலோரி ஏறாம புரோட்டீன் மட்டும் மூணு மடங்கு ஏறுமா? அப்பாவுக்கு 68 வயசு, புரோட்டீன் கூட்டச் சொல்லியிருக்காங்க. எனக்கு எடை குறையணும். ரெண்டு பேரும் இதையே சாப்பிடலாமா?"

அப்படி ஏறாது. நீங்கள் சொன்ன அளவுப்படி உங்கள் வீட்டு ஹங் கர்டில் 100 கிராமுக்குப் புரதம் 7 கிராம், கலோரி 110 வரும். புரதம் இரண்டேகால் மடங்கு ஏறுகிறது, கலோரியும் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஏறுகிறது. அப்பாவுக்கு இது பொருத்தமான சாப்பாடுதான். உங்களுக்கும் ஆகும், ஆனால் பாலை மாற்ற வேண்டும்.

ஆப் காட்டும் 59 கலோரி, 10 கிராம் என்பது பொய்க் கணக்கு இல்லை. அது வேறொரு பொருளின் கணக்கு. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் கொழுப்பு நீக்கிய பாலில் செய்த கிரீக் யோகர்ட்டுக்கு இந்த எண்கள்தான் இருக்கின்றன: 59 கலோரி, 10.2 கிராம் புரதம், கொழுப்பு அரை கிராமுக்கும் கீழே. பல ஆப்களில் ஹங் கர்ட் என்று தேடினால் அதையே எடுத்துக் காட்டிவிடுகிறது. சாதா தயிருக்கு நீங்கள் பார்த்த 60 கலோரியோ நம் ஊர்க் கணக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் பசும்பால் தயிருக்கு 60 கலோரி, 3.1 கிராம் புரதம், 4 கிராம் கொழுப்பு என்று இருக்கிறது. கொழுப்பில்லாத ஒன்றையும் கொழுப்புள்ள ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான், கலோரி அசையாமல் புரதம் மட்டும் மூன்று மடங்கானது போலத் தெரிகிறது. ஒரே பாலில் செய்த இரண்டையும் ஒப்பிட்டால் படம் மாறிவிடும்.

அதற்குத் துணிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பாலில் இருக்கும் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். பால் புளித்துத் தயிராகும்போது இந்தக் கேசின் ஒன்றோடொன்று கைகோத்து நுண்ணிய வலை போலாகிறது. கொழுப்புத் துளிகள் அந்த வலையில் சிக்கிக்கொள்கின்றன. தண்ணீரும், அதில் கரைந்திருக்கும் பால் சர்க்கரை, புளிப்பைத் தரும் லாக்டிக் அமிலம், உப்புச் சத்துகள் எல்லாமும் வலையின் கண்களுக்குள் தேங்கி நிற்கின்றன. துணியில் கட்டித் தொங்கவிட்டால் வலை தன் கனத்தில் தானே இறுகி, தேங்கி நிற்பதை வெளியே தள்ளுகிறது. ஆகவே சொட்டுவது வெறும் தண்ணீர் இல்லை, தண்ணீரும் சர்க்கரையும் அமிலமும் சேர்ந்த கரைசல். உள்ளே தங்குவது புரதம் மட்டும் இல்லை, புரதமும் கொழுப்பும் சேர்ந்துதான் தங்குகின்றன. துணிக்குக் கொழுப்பு வேறு, புரதம் வேறு என்று தெரியாது. கலோரி ஏறுவதற்கு முழுக் காரணமும் இதுதான்.

இனி உங்கள் ஒரு லிட்டரையே எடுத்துக்கொள்வோம். நீலப் பாக்கெட் சமன்படுத்திய பால். கொழுப்பு 3 சதவீதம், கொழுப்பில்லாத திடப்பொருள் 8.5 சதவீதம். அந்த எட்டரையில் புரதம் 3.1 அளவு, மீதி பெரும்பாலும் பால் சர்க்கரை, கொஞ்சம் உப்புச் சத்து. காய்ச்சும்போது ஆவியாகப் போனது, பாத்திரத்தில் ஒட்டியது எல்லாம் போகக் கையில் ஒரு கிலோ தயிர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிலோவில் புரதம் 31 கிராம், கொழுப்பு 30 கிராம், சர்க்கரையும் அமிலமும் சேர்ந்து 45 கிராம். புரதத்துக்கும் சர்க்கரைக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்று போட்டால் மொத்தம் 574. அதாவது 100 கிராம் சாதா தயிருக்கு 57 கலோரி, 3.1 கிராம் புரதம்.

காலையில் துணியில் 400 கிராம் இருக்கிறது என்றால் கீழே 600 கிராம் தயிர்த் தண்ணீர் சொட்டியிருக்கிறது. அந்த 600 கிராமில் சர்க்கரையும் அமிலமும் 29 கிராம் போயிருக்கும். வலையில் சேராமல் கரைந்து நின்ற புரதம் 3 கிராம் போயிருக்கும். கொழுப்பு ஒரு கிராம் போனால் அதிகம். துணியில் மிஞ்சியது புரதம் 28, கொழுப்பு 29, சர்க்கரை 16. இதை நான்கால் வகுத்தால் 100 கிராமுக்குப் புரதம் 7, கொழுப்பு 7.25, சர்க்கரை 4. கலோரி 28ம் 65ம் 16ம் சேர்ந்து 109.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது சர்க்கரை. புரதமும் கொழுப்பும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கும்போது சர்க்கரை 4.5-லிருந்து 4-க்கு இறங்கியிருக்கிறது. அது தண்ணீரோடு கரைந்தே இருப்பதால் தண்ணீர் எந்த விகிதத்தில் போகிறதோ அதே விகிதத்தில் அதுவும் போய்விடும். கலோரி புரதத்தின் அளவுக்கு ஏறாமல் சற்றுக் குறைவாக ஏறுவதற்கு இதுவே காரணம். வடிப்பதால் கிடைக்கும் உண்மையான லாபமும் இதுதான். நூறு கலோரிக்கு எத்தனை கிராம் புரதம் என்று பார்த்தால் சாதா தயிரில் 5.4, ஹங் கர்டில் 6.4. ஏறியிருக்கிறது, ஆனால் மூன்று மடங்கெல்லாம் இல்லை.

இன்னும் கெட்டியாக வடித்தால் 10 கிராம் வந்துவிடாதா என்று தோன்றும். கிட்டத்தட்ட வரும். அதே ஒரு கிலோவை மேலே ஒரு பாரம் வைத்து 300 கிராம் ஆகும் வரை வடித்தால் 100 கிராமுக்குப் புரதம் 9 கிராமைத் தாண்டும். ஆனால் கொழுப்பும் 9.7 கிராமுக்குப் போய், கலோரி 139-ல் நிற்கும். மாறாக இரண்டு மூன்று மணி நேரத்தில் அவிழ்த்து 600 கிராமோடு நிறுத்திக்கொண்டால் புரதம் 4.8, கலோரி 81. நீலப் பாக்கெட்டை எவ்வளவு இறுக்கி வடித்தாலும் 10 கிராம் புரதமும் 59 கலோரியும் ஒன்றாக அமையாது. அந்த 59-க்குள் கொழுப்புக்கு இடமே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வடிப்பது புரதத்தை உண்டாக்குவதில்லை. ஒரு கிலோ தயிரில் 31 கிராம் இருந்தது, வடித்தபின் 28 கிராம்தான் இருக்கிறது. நூறு கிராமுக்கு என்று எழுதும்போது எண் பெரிதாகத் தெரிவது தட்டின் அளவு சிறுத்துப் போனதால். அப்பாவைப் போல வயதானவர்களுக்கு இது பெரிய உபகாரம், ஏனென்றால் அவர்களால் ஒரு கிலோ தயிரைச் சாப்பிட முடியாது. 200 கிராம் ஹங் கர்டைக் காலையில் ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒரு கிண்ணம் என்று சாப்பிட்டுவிடலாம். அதில் 14 கிராம் புரதம் வந்துவிடும். அதே 14 கிராமுக்குச் சாதா தயிர் 450 கிராம் வேண்டும். பசி குறைந்த வயதில் அது வயிற்றை அடைத்துவிடும். சிறுநீரகக் கோளாறு ஏதாவது இருந்தால் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கூட்டுங்கள்.

உங்கள் கதை வேறு. எடை குறைய வேண்டும் என்றால் வடிப்பதை விட எந்தப் பாலை உறைய வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். இருமுறை சமன்படுத்திய பாலில் கொழுப்பு 1.5 சதவீதம், கொழுப்பில்லாத திடப்பொருள் 9 சதவீதம். அதில் செய்த ஒரு கிலோ தயிரை இதே போல 400 கிராமுக்கு வடித்தால் 100 கிராமுக்குப் புரதம் 7.5, கலோரி 80 வரும். நூறு கலோரிக்கு 9 கிராமுக்கு மேல் புரதம். மறுபக்கம், ஆரஞ்சுப் பாக்கெட் என்று வாங்கும் நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதம் கொழுப்பு. அதை 400-க்கு வடித்தால் புரதம் அதே ஏழரைதான், கலோரி மட்டும் 180-ஐத் தொடும். நூறு கலோரிக்கு 4 கிராம்தான் புரதம் கிடைக்கிறது. வடிக்காத நீலப் பாக்கெட் தயிரை விட இது மோசம். மூன்றையும் கிண்ணத்தில் எடுத்து வைத்தால் பார்வைக்கு எது எது என்று தெரியாது. நிறைகொழுப்பில் செய்தது இன்னும் வழவழப்பாக, ருசியாக இருக்கும். கெட்டியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதை விட வேறு சான்று வேண்டாம். நீலகிரியில் தோடர் எருமைப் பால் கிடைக்கும் வீடுகளும் உண்டு. கொழுப்பு 8 சதவீதத்தை ஒட்டி வரும் பால் அது. அதில் உறைந்த தயிர் வடிக்காமலே கத்தியால் வெட்டுகிற மாதிரி நிற்கும். சாப்பிட அருமை, ஆனால் நீங்கள் தேடுகிற கணக்குக்கு அது நேர் எதிர்.

பாக்கெட் இல்லாமல் கறந்த பால் வாங்குபவர்கள் காய்ச்சிய பாலை இரவு முழுக்கக் குளிரில் வைத்து, காலையில் மேலே படிந்த ஆடையை முழுதாக எடுத்துவிட்டு, மறுபடி வெதுவெதுப்பாக்கி உறை ஊற்றலாம். கொழுப்பில் நல்ல பங்கு அந்த ஆடையோடு போய்விடும், புரதம் பாலிலேயே நிற்கும். மிச்சக் கொழுப்பு எவ்வளவு என்று வீட்டில் அளக்க முடியாதாகையால் கணக்கு வைத்துக்கொள்பவர்களுக்குப் பாக்கெட்தான் வசதி.

இனி மலையில் இருப்பவர்களுக்கு என்றே சொல்ல வேண்டிய விஷயம். 'எத்தனை மணி நேரம் தொங்கவிடணும்' என்ற கேள்விக்கு இணையத்தில் கிடைக்கும் பதில்கள் எல்லாம் சமவெளிச் சமையலறையை வைத்து எழுதியவை. குளிரக் குளிரத் தயிர் வலை இறுகுவதும் மெதுவாகும், சொட்டும் தண்ணீரும் கனத்து மெதுவாக இறங்கும். சென்னையில் நான்கு மணி நேரத்தில் வருகிற பதம் கோத்தகிரியில் டிசம்பர், ஜனவரி இரவில் எட்டு மணி நேரம் ஆனாலும் வராமல் இருக்கலாம். ஏப்ரல் பகலில் அதே துணி, அதே முடிச்சு, பாதி நேரத்தில் வடிந்துவிடும். ஆகவே நேரத்தை வைத்துப் புரதத்தைக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு மாதம் தப்பாகும். தராசு ஒன்று போதும். தயிரைத் துணியில் கொட்டும் முன் ஒரு எடை, வடித்து எடுத்தபின் ஒரு எடை. ஈரத் துணியோடு சேர்த்து எடை போடாதீர்கள். நனைந்த மல் துணியே கணிசமாகக் கனக்கும். வெறும் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, துணியிலிருந்து தயிரை அதில் வழித்துப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு எடையும் கையில் இருந்தால் கணக்கு எளிது. முதல் எடையை இரண்டாம் எடையால் வகுத்து வருவதுதான் வடிப்பு மடங்கு. உங்களுக்கு 1000-ஐ 400-ஆல் வகுக்க இரண்டரை. தயிரின் புரதத்தை அந்த மடங்கால் பெருக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். தண்ணீரோடு போன புரதத்துக்காக இந்தக் கழிவு. கொழுப்பை மடங்கால் பெருக்கி அப்படியே விடுங்கள். சர்க்கரையை 4 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வடித்தாலும் அதிலிருந்து பெரிதாக விலகாது. பிறகு புரதத்தை நான்கால், கொழுப்பை ஒன்பதால், சர்க்கரையை நான்கால் பெருக்கிக் கூட்டினால் கலோரி. 3.1 பெருக்கல் 2.5, கழித்தல் பத்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 7. மேலே நீட்டி முழக்கிப் போட்ட கணக்கும் இதுவும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன.

அந்தப் பத்தில் ஒரு பங்கு என்பது தயிர் ஒழுங்காக உறைந்திருந்தால்தான். உறையாத தயிரைக் கட்டினால் புரதம் துணி வழியே போய்விடும், நீங்கள் போட்ட கணக்கு கைக்கு வராது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கீழே சொட்டிய தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சரியாக உறைந்த தயிரின் தண்ணீர் லேசான பச்சை கலந்த மஞ்சளாக, டம்ளருக்கு அந்தப் பக்கம் விரலை வைத்தால் விரலின் நிழல் தெரிகிற அளவு தெளிவாக இருக்கும். அந்தப் பச்சை ரிபோபிளேவின் என்ற பி2 வைட்டமினின் நிறம். மாறாக அரிசி கழுவிய தண்ணீர் போல வெள்ளையாகக் கலங்கியிருந்தால் அந்த வெள்ளை முழுக்க உங்கள் கேசின்தான். டம்ளரை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் அசைக்காமல் வையுங்கள். அடியில் மாவு போல வெள்ளை வண்டல் படியும். மேலே தெளிந்ததை மெல்லச் சாய்த்து ஊற்றிவிட்டு அந்த வண்டலைத் திரும்பத் தயிரோடு சேர்த்துவிடலாம்.

கலங்குவதற்கு மலையில் முதல் காரணம் உறைப் பதம் போதாமை. உறையில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு வெதுவெதுப்பு வேண்டும். ஒரு லிட்டர் பாலைச் சுண்டு விரலை உள்ளே விட்டுப் பத்து எண்ணும் வரை பொறுக்க முடிகிற சூட்டுக்கு, அதாவது 42 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, குளிர் மாதங்களில் ஒரு மேசைக்கரண்டி தயிரைக் கடைந்து கலக்க வேண்டும். எவர்சில்வர் பாத்திரத்தை அப்படியே அடுப்புத் திண்ணையில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் சூடு போய்விடும். ஹாட்பாக்ஸில் முதலில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, அதில் உறை ஊற்றிய பாலை ஊற்றி மூடி, கம்பளியைச் சுற்றி வையுங்கள். ஏழெட்டு மணி நேரத்தில் உறையும், கடுங்குளிரில் பத்து ஆகலாம். பாத்திரத்தைச் சாய்த்தால் தயிர் ஓரத்திலிருந்து ஒரே கட்டியாக விலகி, விலகிய இடத்தில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் தெரிய வேண்டும். அது தெரிகிற வரை கட்டாதீர்கள்.

குளிரில் மெதுவாக உறைந்த தயிர் சில சமயம் கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுக்கும். கெட்டுப்போனது இல்லை அது. குறைந்த சூட்டில் வளரும் சில நுண்ணுயிர்கள் பசை போன்ற ஒன்றைச் சுரக்கின்றன. அந்தப் பசை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் தொங்கவிட்டாலும் வடியாது, துணியின் கண்களையும் அடைத்துவிடும். அந்தத் தயிரை மோராக்கிக் குடித்துவிட்டு, அடுத்த முறைக்கு வேறொரு வீட்டிலிருந்து நல்ல உறை வாங்கி, சூட்டைக் கூட்டி உறைய வைப்பதே வழி. நூல் இழுக்கும் தயிரிலிருந்தே உறை எடுத்து வைத்தால் அது தொடர்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது காரணம் பலர் நினைக்காதது, பால் காய்ச்சும் விதம். பாலின் புரதத்தில் கேசின் போக மீதமுள்ள ஐந்தில் ஒரு பங்கு மோர்ப்புரதம். பச்சையாக இருக்கும்போது அது தண்ணீரோடு கரைந்து நிற்கும், வடித்தால் தண்ணீரோடு போய்விடும். நன்றாகச் சூடேறினால் சுருள் பிரிந்து கேசினோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது வலையின் பாகமாகவே துணியில் தங்கும், வலையும் உறுதிப்படும். இதற்குப் பால் 90 டிகிரிக்கு மேல் ஐந்து பத்து நிமிடமாவது இருக்க வேண்டும். உயரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்குவது மலைவாசிகளுக்குத் தெரியாததல்ல. பருப்பு வேகாத அனுபவம் எல்லா வீட்டிலும் உண்டு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது, கோத்தகிரியில் 94. பால் பொங்கி வருவதோ அதற்கும் முன்பே. பொங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டால் தேவையான சூடு சில நொடிகள்தான் கிடைத்திருக்கும். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டுரைஸ் செய்ததுதானே என்று நினைக்க வேண்டாம், அந்தச் சூடு கிருமிக்குப் போதும், இந்த வேலைக்குப் போதாது. பொங்கி வந்ததும் தீயைச் சிறிதாக்கி, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டு, ஓரங்களில் குமிழி விட்டபடி பத்து நிமிடம் வைத்திருங்கள். சரியாகக் காய்ச்சிய பாலில் 600 கிராம் தண்ணீரோடு போகும் புரதம் 3 கிராமுக்குள் நிற்கும். பொங்கியதும் இறக்கிய பாலில் அது 4 கிராமைத் தாண்டும். தயிரும் தளர்வாக உறைந்து, கலங்கிய தண்ணீர் விடும்.

கட்டும்போது செய்யும் தவறுகள் சில உண்டு. தயிரைக் கடைந்தோ கலக்கியோ துணியில் ஊற்றக் கூடாது, வலை உடைந்து துகள் துகளாகத் துணி வழியே இறங்கும். உறைந்த தயிரை முதலில் இரண்டு மணி நேரம் குளிரவிட்டு, பெரிய கரண்டியால் கட்டி கட்டியாக வெட்டி எடுத்துத் துணியில் வையுங்கள். துணியை நனைத்துப் பிழிந்துவிட்டு இரண்டாக மடித்துப் போடுங்கள். மல் துணி இல்லையென்றால் நைந்த பழைய வேட்டித் துணி அதைவிட நன்றாகவே வடிகட்டும். அவசரத்தில் கையால் பிழிவதுதான் பெரிய தவறு. பிழிந்த அந்த நொடியில் கீழே வெள்ளையாக இறங்குவதைப் பார்க்கலாம். பாரம் வைக்க வேண்டுமானால் முதல் இரண்டு மணி நேரம் தானாக வடிந்தபின், வடிதட்டில் வைத்து மேலே ஒரு தட்டும் அதன்மேல் அரைக் கிலோ எடையும் வைத்தால் போதும். சொட்டுவது நின்றுபோய் உள்ளே இன்னும் தளதளவென்று இருந்தால் துணியை ஒட்டிய பகுதி மட்டும் இறுகி அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். முடிச்சை அவிழ்த்து, ஓரத்தில் ஒட்டியதை வழித்து நடுவில் போட்டு, மீண்டும் கட்டினால் சொட்டத் தொடங்கும். இரவு குளிராக இருக்கிறதே என்று மலையில் பலர் வெளியில் தொங்கவிடுவார்கள். டிசம்பர், ஜனவரிக்கு அது நடக்கும். மற்ற மாதங்களில் புளிப்பு ஏறிக்கொண்டே போகும், ஃபிரிட்ஜுக்குள் வடிதட்டில் வைத்துவிடுவதே நல்லது.

கடையில் கிரீக் யோகர்ட் என்று வாங்குபவர்கள் டப்பாவின் பின்பக்கம் பார்க்க வேண்டியது ஒரே வரி, 100 கிராமுக்குப் புரதம். அது 3, 4 என்று இருந்தால் வடித்த தயிர் அல்ல, ஸ்டார்ச்சோ ஜெலட்டினோ சேர்த்துக் கெட்டியாக்கியதாக இருக்கும். சர்க்கரை 10-க்கு மேல் இருந்தால் இனிப்பு சேர்த்திருக்கிறார்கள்.

கடைசியாகச் சுண்ணாம்புச் சத்து. அப்பாவின் வயதுக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது. பால் புளிக்கும்போது கேசினோடு ஒட்டியிருந்த கால்சியத்தில் பெரும்பகுதி பிரிந்து தண்ணீரில் கரைந்துவிடுகிறது. வடித்தால் அது தண்ணீரோடு போகிறது. அதனால் புரதம் இரண்டு மடங்கு ஏறினாலும் கால்சியம் அப்படி ஏறுவதில்லை. முன்பு சொன்ன அமெரிக்க அட்டவணையிலேயே கொழுப்பு நீக்கிய சாதா யோகர்ட்டில் 100 கிராமுக்கு 199 மில்லிகிராம், கிரீக் யோகர்ட்டில் 110 மில்லிகிராம்தான். சாதா தயிரை நிறுத்திவிட்டு முழுக்க ஹங் கர்டுக்கு மாறினால், தண்ணீரைக் கீழே கொட்டினால், அப்பாவுக்குப் புரதம் கூடி கால்சியம் குறையும். அந்த 600 கிராம் தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசையவும் ரசத்துக்குப் புளியைக் குறைத்துக்கொண்டு சேர்க்கவும் பயன்படுத்துங்கள். உப்பும் பெருங்காயமும் இஞ்சியும் போட்டு அப்பாவுக்கு ஒரு டம்ளர் கொடுக்கலாம். மொத்தத் தண்ணீரிலும் 140 கலோரி அளவுக்கு இருக்கிறது, பெரும்பாலும் பால் சர்க்கரை. ஆகவே நீங்கள் குடித்தால் அதையும் உங்கள் ஆப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆப்பில் ஹங் கர்டைத் தேடி எடுக்காமல், சொந்த உணவு சேர்க்கும் இடத்தில் இரண்டு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு நீலப் பாக்கெட் வடிதயிர்: புரதம் 7, கொழுப்பு 7.3, சர்க்கரை 4, கலோரி 110. உங்களுக்கு இருமுறை சமன்படுத்திய பால் வடிதயிர்: புரதம் 7.5, கொழுப்பு 3.6, சர்க்கரை 4.5, கலோரி 80. ஒரு கிலோ 400 கிராமாக வடிந்த நாளுக்கு இவை சரி. 500 கிராமில் நின்றுவிட்டால் மடங்கு இரண்டுதான், அந்த நாளுக்குப் புதிதாகப் போட்டு எழுதுங்கள்.